பணி ஓய்வு பெறும் நாளில் என் மாணவர்களுக்கு

அன்புள்ள மாணவர்களுக்கு,

இன்று மாலையுடன் கணித ஆசிரியை பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 1990-இல் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர்கள் இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறார்கள்; அவர்களுள் சிலருடைய பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்துவிட்டேன். ஏழு என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு போடும் பழக்கத்தை ஒரு மகளின் விடைத்தாளில் கண்டு, பெயரைப் பார்க்கும் முன்பே அவளுடைய தந்தை யார் என்று தெரிந்துகொண்டதும் உண்டு.

உங்களுக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது நீங்கள் கேட்ட கேள்விகளுக்காகத்தான். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்று நான் விதியைச் சொல்லி முடித்ததும், மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அது ஏன், மிஸ்?" என்று கேட்டாள். கரும்பலகையில் 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு கூடுவதைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வரியில் (−1) × (−2) என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வகுப்பு முழுவதும் "இரண்டு!" என்று கத்தியது. அன்றிலிருந்து அந்தப் பாடத்தை நான் விதியிலிருந்து தொடங்கியதே இல்லை. பிற்காலத்தில் என்னிடம் படித்தவர்கள் "மிஸ் நன்றாகப் புரியவைப்பார்" என்று சொல்லியிருந்தால், அந்தப் பாராட்டில் பெரும்பங்கு அந்த மாணவிக்கே உரியது.

முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டி, அவை நேர்கோட்டில் அமைவதைக் கண்டு, "எந்த முக்கோணத்துக்கும் 180 பாகைதானா?" என்று விடாமல் ஐந்தாறு தாள்களைக் கிழித்துச் சோதித்தவர்களுக்கும் நன்றி. (வகுப்பைப் பெருக்கியவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.)

கணக்கு பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்களையும் மறக்கவில்லை. பிடிக்காத பாடத்துக்கும் ஒழுங்காக வந்து அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்ததும் அவரிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட உங்கள் பொறுமை, முதல் மதிப்பெண்ணுக்குச் சற்றும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேர்வில் தவறி, மறுமுறை எழுதித் தேறிவிட்டு, விடைத்தாளில் எந்த இடத்தில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்க வந்தவர்களை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் கணக்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. அதை நான் எதிர்பார்த்ததும் இல்லை. தையற்கடையில் துணியை அளக்கும்போதோ, வங்கிக் கடனுக்கு வட்டி பார்க்கும்போதோ "மிஸ் சொன்னது இதுதான்" என்று தோன்றியதாக நீங்கள் எழுதிய கடிதங்களையும் செய்திகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி அவற்றை ஆற அமரப் படிக்க நேரம் இருக்கிறது.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ ஏதேனும் கணக்கில் சிக்கல் வந்தால் தயங்காமல் எனக்கு எழுதுங்கள். முயன்று பார்த்த படிகளையும் சேர்த்து அனுப்புங்கள். விடையை மட்டும் அனுப்பினால், ஓய்வு பெற்ற பிறகும் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்