அக்காவின் போன் அறிவிப்புகள்: செவ்வாய் இரவு 7:42 ஸ்கிரீன்ஷாட், எழுத்தில்

அக்கா, கண்ணில் கட்டோடு இருக்கிற நீ இதை அத்தான் போனில் வாசிப்புக் குரலைப் போட்டுக் கேட்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். கேட்கத் தொடங்கும் முன் இயர்போன் மாட்டிக்கொள். ஐந்தாவது அறிவிப்பு உன் காதுக்கு மட்டும் போக வேண்டியது.

நீ சொன்னபடி எதையும் திறக்கவில்லை, யாருக்கும் நீல டிக் போகவில்லை. ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. படம் எடுத்து முடித்ததும், ஒவ்வொரு அறிவிப்பையும் கீழே இழுத்து விரித்தால் இன்னும் இரண்டு வரி கிடைக்குமே என்று இழுத்தேன். விரல் 'எல்லாம் அழி' மேல் பட்டுவிட்டது. அறிவிப்புகள் மொத்தமும் போய்விட்டன. செய்திகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், திறக்காமல் பார்க்க மட்டும் இப்போது இந்த ஒரு படம்தான் இருக்கிறது.

போனில் படித்துக் காட்டலாமே என்று அத்தான் கேட்டார். நீ வேண்டாம் என்றது ஏன் என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அரைச் சொல்லை வாய் அரையாக விடாது, தானாகவே முடித்துவிடும். கையும் லேசுப்பட்டதில்லை. முதல் முறை எழுதியதில் மூன்றாவது அறிவிப்பை நானே முடித்து வைத்திருந்தேன், திரும்பப் படத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு கீபோர்டு, 'முடி' என்று அடித்தால் 'முடியும்' என்று அதுவே போட்டது. சொல் பரிந்துரையை அணைத்துவிட்டு முழுவதையும் மறுபடி அடித்தேன்.

இரண்டு குறி வைத்திருக்கிறேன். மூன்று புள்ளியை வாசிப்புக் குரல் சில நேரம் சத்தமில்லாமல் தாண்டிவிடும் என்பதால் சொல்லாகவே எழுதியிருக்கிறேன். [வெட்டு] என்று வந்தால் அங்கே போன் வரியை அறுத்திருக்கிறது. [அவர் புள்ளி] என்று வந்தால் அனுப்பியவரே வைத்த புள்ளி. எழுத்துப் பிழைகள் படத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

திரையின் மேல் ஓரம்: நேரம் 7:42. பேட்டரி 11%. ஒலி அணைத்த மணிக் குறி. மற்ற சின்னங்கள் மிகச் சிறியவை, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒன்று. வாட்ஸ்அப். பெயர்: அம்மா. 2 நி.
"மருந்தது போட்டாச்சா.. [அவர் புள்ளி, இரண்டு] கண்ண கசக்காத.. [அவர் புள்ளி, இரண்டு] நான் நாளைக்கு வர வேண்டா… [வெட்டு]"

கடைசிச் சொல் 'வேண்டா'வோடு நிற்கிறது. அதற்குப் பின் மகர மெய்யின் சாயல்கூட இல்லை, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மா வரமாட்டேன் என்கிறாரா, வரட்டுமா என்று கேட்கிறாரா, வேறு யாரோ வர வேண்டாம் என்றதைச் சொல்கிறாரா, இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நானே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு. வாட்ஸ்அப் குழு. பெயர்: நம்ம குடும்பம். 5 செய்திகள். 9 நி.
"அத்தை: சனிக்கிழமை எல்லாரும் வர முடி… [வெட்டு]"

ஐந்து செய்தி என்று எண் காட்டுகிறது, தெரிவது கடைசி ஒன்றுதான்.

மூன்று. அலுவலகச் செயலி. பெயர்: குழுத் தலைவர். 21 நி.
"அறிக்கையைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. மூன்றாம் பக்க அட்டவணையை மாற்ற வேண்டிய அவசியமி… [வெட்டு]"

நான் தப்பாக முடித்தது இதைத்தான். முன்னால் 'நன்றாக வந்திருக்கிறது' என்று இருந்ததால் கை தன்பாட்டுக்கு 'இல்லை' போட்டுவிட்டது. 'அவசியமிருக்கிறது' என்றாலும் இதே 'மி'தான் வரும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திருத்தம் கேட்பவர்களை நீயும் பார்த்திருப்பாய். நம் மொழியில் ஆமாவா இல்லையா என்பது வரியின் வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது, போன் நறுக்குவதும் அந்த வாலைத்தான். இந்த ஒரு படத்தில் மட்டும் எத்தனை இடம் என்று எண்ணிக்கொண்டே வா.

நான்கு. வாட்ஸ்அப். பெயர் பதியாத எண். எண்ணை இங்கே எழுதவில்லை, கடைசி இரண்டு இலக்கம் 47. 34 நி.
"அக்கா நான்தான்... [அவர் புள்ளி, மூன்று] இது புது நம்பர். அன்னைக்குப் பேசின விஷயத்த யாருகிட்டயும் சொல்… [வெட்டு]"

'நான்தான்' பின்னால் வருவது அவர் வைத்த புள்ளிதான், ஏனென்றால் அதற்கப்புறமும் அதே வரி ஓடுகிறது. கடைசியில் இருப்பது வரியின் வலது ஓரத்தைத் தொட்டு நிற்கிறது, அதனால் வெட்டு. 'சொல்' என்ற எழுத்துகள் முழுதாகத் தெரிகின்றன, ஆனால் அது முழுச் சொல்லா ஒரு சொல்லின் தலையா என்று படம் காட்டவில்லை. சொல்லிவிட்டாரா, சொல்லவில்லையா, சொல்லாதே என்கிறாரா, அது உங்கள் இருவருக்கும் தெரிந்தது. இந்த 'அக்கா' நான் அனுப்பியது இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஐந்து. மின்னஞ்சல். 1 ம. அனுப்பியவர் பெயரை எழுதாமல் விடுகிறேன், யாரென்று உனக்குத் தெரியும்.
தலைப்பு வரி: "தங்கள் விண்ணப்பம்: தேர்வுக் குழுவின் முடி… [வெட்டு]"
அடுத்த வரி: "வணக்கம். நேர்காணலுக்கு வந்தமைக்கு நன்றி. தங்களைத் தெரி… [வெட்டு]"

நீ வேறு வேலைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. இந்த வரியை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். 'தெரி'க்குப் பின்னால் நல்ல சேதியும் வரலாம், கெட்ட சேதியும் வரலாம், 'பிறகு தெரிவிக்கிறோம்' என்ற மாதிரி மழுப்பலும் வரலாம். 'நன்றி' என்று தொடங்கியிருப்பதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடாதே, இரண்டு வகைக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். எனக்கு எது வர வேண்டும் என்று ஆசையோ அதைக்கூட எழுதவில்லை. எழுதினால் இரண்டாம் முறை கேட்கும்போது அது கடிதத்தில் இருந்த மாதிரியே உன் காதில் விழும்.

ஆறு. குறுஞ்செய்தி. பார்சல் கொண்டுவரும் நிறுவனம். 2 ம.
"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பார்சல் இன்று ஒப்படைக்கப்ப… [வெட்டு]"

பட்டதா, படவில்லையா, படுமா? வீட்டு வாசலில் போய்ப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. அதையும் செய்தியோடு சேர்த்து முடிச்சுப் போடாதே, நான் பார்த்தது இரவு எட்டு மணிக்குமேல், செய்தி வந்தது அதற்கு எவ்வளவோ முன்னால்.

ஏழு. வாட்ஸ்அப் குழு. இதில் பெயரே வெட்டுப்பட்டிருக்கிறது: "பத்தாம் வகுப்புத் தோழி… [வெட்டு]". 3 ம.
செய்தி: "இந்தச் செய்தி நீக்கப்பட்டது"

செய்தியில் வெட்டு இல்லை. குழுவின் முழுப் பெயர் எனக்கே தெரியும், இருந்தாலும் படத்தில் இருக்கிற அளவோடு நிறுத்துகிறேன். ஓரிடத்தில் தெரிந்ததை நிரப்பினால், மற்ற இடங்களில் எது படத்தில் இருந்தது, எது என் தலையில் இருந்தது என்று உனக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகும்.

எட்டு. நினைவூட்டல் செயலி. நேரம் காட்டவில்லை. நீயே எழுதி வைத்தது.
"வியாழன் கண் டாக்டர், கட்டுப் பிரிப்பு, அத்தானை லீவு போடச் சொல்லணும், காலை 1… [வெட்டு]"

அக்கா, இதை மட்டும் கவனமாகக் கேள். குரல் 'காலை ஒன்று' என்று வாசிக்கும். அது ஒரு மணி இல்லை. 1 என்ற இலக்கத்துக்குப் பின் வெட்டு. 10 ஆக இருக்கலாம், 11 ஆக இருக்கலாம், பின்னால் அரை மணி, கால் மணி ஏதாவது ஒட்டியும் இருக்கலாம். சொல் பாதியில் நின்றால் பாதி என்று தெரிந்துவிடும். எண் அப்படியில்லை, எங்கே அறுத்தாலும் முழு எண் மாதிரியே நிற்கும். அத்தானிடம் நேரம் சொல்வதற்கு முன் மருத்துவமனைச் சீட்டைப் பார்க்கச் சொல்.

ஒன்பது. புகைப்படச் செயலி. 4 ம.
"உங்களுக்காக ஒரு நினைவு காத்திருக்கிறது… [அவர் புள்ளி]"

இதை வெட்டு என்று குறித்துவிட்டுப் பிறகு மாற்றினேன். வரி பாதித் திரையிலேயே முடிந்து, வலப்பக்கம் நிறைய வெற்றிடம் இருக்கிறது. இடம் இருக்கும்போது போன் ஏன் வெட்டப்போகிறது? ஆவலைத் தூண்ட அந்தச் செயலியே வைத்துக்கொண்ட புள்ளி. இதில் நீ எதையும் இழக்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு அறிவிப்பு இருக்கிறது, ஆனால் திரையின் அடி விளிம்பில் எழுத்துகளின் மேல் பாதி மட்டும் தெரிகிறது. இதில் புள்ளியும் இல்லை. மேல் பாதியை மட்டும் வைத்துப் படித்தால் எனக்கு 'வாடகை' மாதிரியும் தெரிகிறது, 'வாகன' மாதிரியும் தெரிகிறது. ஆகவே இதை எழுத்தாக்கவில்லை. பத்தாவது என்று எண்ணும் கொடுக்கவில்லை.

படத்தில் இவ்வளவுதான். எழுதி முடித்தபின் வெட்டு வந்த இடங்களைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஐந்தாவதில் இரண்டு, ஒன்பதாவதில் இல்லை, மற்றவற்றில் ஒவ்வொன்று. மொத்தம் ஒன்பது வெட்டு. நீ எண்ணியதும் ஒன்பதுதானா என்று சொல், குறைந்தால் குரல் எங்கோ விழுங்கியிருக்கிறது.

போனைச் சார்ஜில் போட்டுவிட்டேன். எதைத் திறக்கலாம் என்று எண்ணை மட்டும் சொல்லி அனுப்பு. ஐந்து என்று சொல்வதானால் அத்தான் போனிலிருந்து செய்தியாக வேண்டாம், எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, புரிந்துகொள்கிறேன்.