கணக்கு அலுவலர் பணிக்கான விண்ணப்பம்: சென்னைக்கு இடம் மாறுவது, பணியில் சேரும் தேதி

திருப்பூர்
21.4.2025

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள உங்கள் அலுவலகத்தில் கணக்கு அலுவலர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். தன்விவரக் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் முகவரி திருப்பூர் என்று இருப்பதைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் எழும்: ஏன் சென்னை, எப்போது வர முடியும்? அவற்றுக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் மார்ச் 3 முதல் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். அது மாற்றல் அல்ல, வேலையே மாறிவிட்டார். அதனால் இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊர் என்ற பேச்சு இல்லை. திருமுல்லைவாயலில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், ஜூன் 1 முதல் வாடகை. மகள் ஆறாம் வகுப்பை அங்கேதான் தொடங்கப் போகிறாள். உங்கள் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குடும்பம் சென்னைக்கு வருவது உறுதி. பட்டரவாக்கம் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் என்பதால், தினமும் வந்து போவதும் சிரமமில்லை.

இப்போது வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். ஏப்ரல் 15 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். அறுபது நாள் நோட்டீஸ், ஜூன் 14 சனிக்கிழமை கடைசி நாள். ஜூன் 16, திங்கட்கிழமை காலை உங்கள் அலுவலகத்தில் பணியில் சேர முடியும்.

அதற்கு முன்னால் வர முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டுக் கிளம்ப வழி இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. மார்ச் காலாண்டுக்கான டிடிஎஸ் ரிட்டர்னை மே 31க்குள் போட வேண்டும். மே மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1, ஜூன் 11க்குள். இந்த இரண்டையும் முடித்து, நிலுவையில் உள்ள ஏற்றுமதி ரீஃபண்ட் கோப்புகளைப் புதிதாக வருபவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வர நினைக்கிறேன். ஜூன் 20க்குள் போட வேண்டிய 3பியை அவரே போட்டுவிடுவார். பள்ளி திறந்த பிறகு வரும் அந்த இரண்டு வாரம் மகளை மாமியார் சென்னையில் பார்த்துக்கொள்வார், நான் இங்கே அக்கா வீட்டில் இருந்து வேலைக்குப் போவேன். அதனால் 16ஆம் தேதி தள்ளிப்போகாது.

பனியன் கம்பெனிக் கணக்குக்கும் வாகன உதிரி பாகக் கணக்குக்கும் என்ன பொருத்தம் என்றும் தோன்றலாம். நாங்கள் துணியைச் சாயத்துக்கும் காம்பாக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் வெளியே அனுப்புகிறோம்; நீங்கள் பாகங்களைப் பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மெண்டுக்கும் அனுப்புவீர்கள். இரண்டிலும் தலைவலி ஒன்றுதான்: எந்த சலானில் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, ஒரு வருடத்துக்குள் வராமல் எது நிற்கிறது. இந்த ஜாப் ஒர்க் கணக்கை டேலியில் நான்தான் பராமரிக்கிறேன். உங்கள் தொழிலின் பொருட்களின் பெயர்களும் வரி விகிதங்களும் எனக்குப் புதிது, அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நேர்காணலைப் பற்றி ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். இங்கே தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை நான் இல்லையென்றால் சம்பளம் போடுவது நின்றுவிடும். மே 7ஆம் தேதியும் டிடிஎஸ் கட்டும் நாள். மற்ற எந்த நாளானாலும் சரி, இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னையில் இருப்பேன். முதல் சுற்றை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்வதானால் மாலை 6.30க்கு மேல் வசதி.

வீடு மாற்றும் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அதற்காக நிறுவனத்திடம் எதுவும் கேட்கப் போவதில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதத்தின் நகல் கையில் இருக்கிறது, தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன். தொலைபேசி எண் தன்விவரக் குறிப்பின் முதல் பக்கத்தில் உள்ளது. வேலை நேரத்தில் எடுக்க முடியாமல் போனால், மதிய உணவு இடைவேளையில் நானே திரும்ப அழைக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
க. செல்வராணி

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, பி.காம். பட்டச் சான்றிதழ் நகல்