மார்ச் விற்பனையில் சேர்ந்துவிட்ட ஏப்ரல் பில்கள்: பிழையும் திருத்தமும்

கோயம்புத்தூர், 9-4-2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர்
நகல்: ஆடிட்டர், விற்பனை மேலாளர்

ஐயா,

5ஆம் தேதி உங்களிடம் கொடுத்த மார்ச் மாத லாப நட்டக் கணக்கு தவறு. ஏப்ரல் 1, 2 தேதிகளில் போட்ட ஆறு பில்கள் மார்ச் 31 தேதியில் பதிவாகியிருக்கின்றன. வரி நீங்கலாக அவற்றின் மதிப்பு 18,00,000 ரூபாய். மார்ச் லாபம் 26,10,000 என்று காட்டியிருந்தேன். சரியான தொகை 8,10,000. அந்தக் கணக்கைப் பார்த்துச் சரி என்று அனுப்பியது நான். பொறுப்பும் என்னுடையதே.

நேற்று ஜி.எஸ்.டி.ஆர்-1 தயார் செய்யும்போதுதான் இது தெரிந்தது. நாம் போடும் இ-இன்வாய்ஸ் விவரம் பில் தேதிப்படி அந்தந்த மாத ரிட்டர்னில் தானாகவே வந்து நிற்கும். போர்ட்டலில் நின்ற மார்ச் விற்பனைக்கும் நம் டாலி ரிஜிஸ்டருக்கும் 18 லட்சம் இடித்தது. டாலியில் அதிகம், போர்ட்டலில் குறைவு. வித்தியாசம் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் இந்த ஆறு பில்களின் கூட்டுத்தொகை:

25-26/0001, 1-4-2025, மதுரை: 3,40,000
25-26/0002, 1-4-2025, சேலம்: 2,15,000
25-26/0003, 1-4-2025, விஜயவாடா: 4,80,000
25-26/0004, 2-4-2025, திருநெல்வேலி: 1,65,000
25-26/0005, 2-4-2025, பாலக்காடு: 2,90,000
25-26/0006, 2-4-2025, தஞ்சாவூர்: 3,10,000

பில் நம்பரே புது வருட வரிசையில் இருக்கிறது. அதைப் பார்த்திருந்தாலே போதும். இருந்தும் கேட் ரிஜிஸ்டரைப் போய்ப் புரட்டினேன். 29ஆம் தேதி சனிக்கிழமை மாலை கடைசி வண்டி போயிருக்கிறது. 30 ஞாயிறு. 31 ரம்ஜான் விடுமுறை. அன்றைய பக்கத்தில் ஸ்டாக் எண்ண வந்த நம் ஆட்களின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன, வண்டி நம்பர் ஒன்றுகூட இல்லை. அடுத்த வரியில் "1-4, காலை 9.20, மதுரை லோடு" என்று வாட்ச்மேன் எழுதியிருக்கிறார். லாரியே வராத நாளில் நம் புத்தகம் ஆறு லோடு அனுப்பியதாகச் சொல்கிறது.

நடந்தது இதுதான். டெஸ்பாட்ச் பில்லும் இ-இன்வாய்ஸும் தனி சாஃப்ட்வேரில் போடுகிறோம். அந்தத் தேதிகள் எல்லாம் சரியாகவே உள்ளன. அங்கிருந்து டாலிக்குக் கையால் ஏற்றுகிறோம். ஏப்ரல் 2 மாலை வரை மார்ச் முடிவுப் பதிவுகளைப் போட்டுக்கொண்டிருந்தோம். டாலியில் F2 அழுத்தி மாற்றாவிட்டால் கடைசியாகப் போட்ட தேதியே அடுத்த வவுச்சருக்கும் நிற்கும். அந்த 31-3-2025 நிற்க, பக்கத்திலிருந்த புது பில் ஃபைலை எடுத்து அப்படியே ஏற்றிவிட்டார்கள். விற்பனையைக் கூட்டிக் காட்ட யாரும் செய்ததல்ல.

லாபம் ஏன் முழு 18 லட்சமும் குறைகிறது என்று கேட்பீர்கள். இந்த ஆறு பில்களின் பம்புகளுக்கு அடக்க விலை 13,50,000. சாதாரணமாக இதில் லாபம் நாலரை லட்சம்தான். ஆனால் 31ஆம் தேதி நாம் கோடவுனில் எண்ணியபோது அந்தப் பம்புகள் அங்கேயே இருந்தன. எண்ணினோம், மதிப்புப் போட்டோம், இறுதி இருப்பில் சேர்த்தோம். அதே பம்புகளை விற்றதாகவும் எழுதிவிட்டோம். ஒரே சரக்கு விற்பனையிலும் இருப்பிலும் இரண்டு முறை ஏறியதால் விற்பனைத் தொகை முழுவதும் லாபமாகத் தெரிந்தது. ஆகவே திருத்தும்போது விற்பனையை மட்டும் எடுக்க வேண்டும். இருப்பு சரியாகத்தான் இருக்கிறது. பில்லை எடுத்துவிட்டோமே என்று அதில் 13,50,000 கூட்டினால் இன்னொரு பிழை ஆகிவிடும். ஒரே மாதத்தில் லாபம் மும்மடங்கு ஆனபோதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

திருத்தம் இன்று காலை முடிந்தது. ஆறு வவுச்சர்களையும் திறந்து, பில்லில் உள்ள தேதிக்கே மாற்றினேன். மார்ச் 31இல் ஒரு ஜர்னல் போட்டுக் குறைத்து ஏப்ரலில் இன்னொன்று போட்டு ஏற்றலாமே என்று ஆபீசில் கேட்டார்கள். வருடக் கணக்கு இன்னும் மூடவில்லை, ரிட்டர்னும் போகவில்லை. ஜர்னல் போட்டால் ஒவ்வொரு டீலர் லெட்ஜரிலும் தேவையில்லாத வரிகள் சேரும், ஜி.எஸ்.டி. ரிப்போர்ட்டும் குழம்பும். தேதியை மாற்றியது மறையாது. பழைய தேதி, புது தேதி, மாற்றியவர், நேரம் எல்லாம் எடிட் லாகில் இருக்கிறது. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அதன் பிரிண்ட்டை ஆடிட்டருக்கு இத்துடன் வைத்திருக்கிறேன்.

மார்ச் 31 நிலவரம் இப்படி மாறுகிறது:

மார்ச் விற்பனை: 1,62,40,000 அல்ல, 1,44,40,000
ஆண்டு விற்பனை: 18,11,00,000 அல்ல, 17,93,00,000
வர வேண்டிய பாக்கி: 21,24,000 குறைகிறது
சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.: தலா 92,700 குறைகிறது
ஐ.ஜி.எஸ்.டி.: 1,38,600 குறைகிறது
இறுதி இருப்பு: மாற்றம் இல்லை
வருமான வரி ஒதுக்கீடு: 25.168 சதவீதப்படி 4,53,024 குறைகிறது

ஜி.எஸ்.டி. மொத்தம் 3,24,000 ஏப்ரல் ரிட்டர்னில் போகும். 11ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டிய மார்ச் ஜி.எஸ்.டி.ஆர்-1 இப்போது போர்ட்டலோடு பொருந்துகிறது.

எதிர்ப்பக்கமும் பார்த்தேன். மார்ச் 24 முதல் 29 வரை வெளியே போன ஒவ்வொரு லோடுக்கும் மார்ச் பில் இருக்கிறது, விடுபட்டது இல்லை. நம் விலை எல்லாம் எக்ஸ்-ஒர்க்ஸ்; சரக்கு நம் கேட்டைத் தாண்டியதும் பொறுப்பு டீலருடையது. அதனால் 29ஆம் தேதி கிளம்பி ஏப்ரலில் போய்ச் சேர்ந்த லோடு மார்ச் விற்பனையாகவே நிற்கும்.

இரண்டு விஷயங்களில் நீங்கள் தலையிட வேண்டியிருக்கிறது. 7ஆம் தேதி வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டில் இந்த 21,24,000 பாக்கியும் சேர்ந்து போய்விட்டது. பாக்கிக்கு 40 சதவீத மார்ஜின் போக டிராயிங் பவர் 12,74,400 கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அந்தக் கூடுதலில் நாம் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. என்றாலும் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும் முன்பு நாமே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் இன்சென்டிவ். 18 கோடியைத் தாண்டிவிட்டோம் என்று விற்பனைப் பிரிவில் எல்லோரும் சந்தோஷத்தில் இருக்கிறார்கள். நான் கொடுத்த கணக்கை நம்பித்தான் அந்தச் சந்தோஷம். சரியான கணக்கில் 7 லட்சம் குறைகிறது. அவர்கள் ஓடி ஓடி உழைத்ததைப் பார்த்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் தருவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. தருவதென்றால் உங்கள் சிறப்பு அனுமதியாகத் தரலாம். அதற்காக இந்தப் பில்களை மார்ச்சிலேயே விட்டுவைக்க முடியாது. அவர்களை அழைத்துப் பேசும்போது நானும் வருகிறேன், பிழை கணக்குப் பிரிவுடையது என்று நானே சொல்கிறேன்.

இந்த மாதம் முதல், மாத முடிவில் கடைசிப் பில் நம்பரைக் கேட் ரிஜிஸ்டரின் கடைசி வண்டியோடு ஒப்பிட்டு நான் கையெழுத்துப் போட்ட பிறகே கணக்கு உங்களிடம் வரும். டாலியில் பில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு ஏற்றுவதை நிறுத்திவிட்டோம்.

வங்கிக்கான திருத்திய ஸ்டேட்மென்ட்டும் கடிதமும் உங்கள் மேசையில் நீல ஃபைலில் இருக்கின்றன. நாளை மகாவீர் ஜெயந்தி விடுமுறை என்பதால் இன்றைக்கே கையெழுத்து வேண்டும். மூன்று மணிக்குள் கிடைத்தால் நானே கிளைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு மேலாளர்