0910 தொகுதி சூரை மீன் ஊறுகாயைத் திரும்பப் பெறுகிறோம்

பத்திரிகைச் செய்தி
மண்டபம், 14 நவம்பர் 2025

உப்பங்கரை கடலுணவுத் தயாரிப்பகத்தின் 200 கிராம் சூரை மீன் ஊறுகாயில், தொகுதி எண் 0910 கொண்ட பாட்டில்களை விற்பனையிலிருந்து நாங்களே முன்வந்து திரும்பப் பெறுகிறோம். உங்கள் வீட்டில் இந்தப் பாட்டில் இருந்தால் தயவுசெய்து சாப்பிட வேண்டாம்.

தொகுதி எண்ணை மூடியின் மேல் கறுப்பு மையில் அச்சிட்டிருக்கிறோம். அதற்குக் கீழே தயாரிப்பு நாள் 09.10.2025 என்று இருக்கும். எண்ணெய் பட்டு எழுத்து அழிந்திருந்தாலோ, ஊறுகாயை ஜாடிக்கு மாற்றிவிட்டு மூடியை எறிந்திருந்தாலோ, அக்டோபர் 10-க்குப் பிறகு வாங்கிய சூரை ஊறுகாய் எதுவானாலும் திருப்பித் தந்துவிடுங்கள். எந்தத் தொகுதி என்று நாங்கள் வாதாட மாட்டோம்.

ராமநாதபுரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு மதியச் சாப்பாட்டோடு இந்த ஊறுகாயைச் சாப்பிட்ட பிறகு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் ஏற்பட்டன. மருத்துவரைப் பார்த்து அன்று மாலையே குணமடைந்த அவர், மறுநாள் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தத் தொகுதியிலிருந்து நாங்கள் எடுத்து வைத்திருந்த 6 மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவற்றுள் மூன்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருப்பதாக நேற்று முடிவு வந்தது.

சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களைப் போதிய ஐஸ் இல்லாமல் வைத்தால், அவற்றில் பெருகும் பாக்டீரியாக்கள் இந்த ஹிஸ்டமினை உண்டாக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. மணத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாமலும் இருக்கலாம். ஆகவே முகர்ந்து பார்த்தோ, ஒரு துளி நாக்கில் வைத்தோ முடிவு செய்யாதீர்கள். சுடவைத்துப் பயன்படுத்தவும் வேண்டாம். பூனைக்கும் கோழிக்கும் போடாதீர்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முகச் சிவப்பு, வாயில் எரிச்சல், அரிப்பு, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு தோன்றலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுப்பவர்களும் லேசான தொந்தரவு என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பாட்டிலையும் கொண்டுபோங்கள். இது மீன் ஒவ்வாமையைப் போலவே தோன்றும். காரணம் தெரியாமல், இனி மீனே ஆகாது என்று ஒருவர் காலம் முழுக்க ஒதுங்கிவிடக் கூடாது.

தவறு எங்களுடையது. பாம்பன் கரையில் அக்டோபர் 8 அன்று காலை 11 மணிக்கு நாங்கள் மீனை எடுத்தோம். குளிர் அறைக்குள் அது போனது மாலை 5 மணிக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றிருக்கிறது. எங்கள் பதிவேட்டில் அன்றைய வெப்பநிலைக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. அதன் பக்கத்தில் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டம் நிரம்பாமல் மீனை உள்ளே எடுத்திருக்கவே கூடாது. மீன் தந்த படகுக்காரர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. இனி ஒவ்வொரு பெட்டியின் வெப்பநிலையையும் அளந்து எழுதாமல் மீனை இறக்க மாட்டோம். சூரை ஊறுகாயின் ஒவ்வொரு தொகுதியையும் ஹிஸ்டமின் ஆய்வு முடிந்த பிறகே கடைக்கு அனுப்புவோம்.

இந்தத் தொகுதியில் மொத்தம் 1,152 பாட்டில்கள். 418 எங்கள் கிடங்கிலேயே இருந்தன. அவற்றைப் பூட்டி வைத்துவிட்டோம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி கடைகளுக்குப் போன 734-ல் இன்று காலைவரை 251 திரும்பியுள்ளன. மீதி 483 எங்கே என்பதுதான் எங்கள் கவலை. ராமேஸ்வரம் வந்துபோன யாத்திரிகர்கள் ஊருக்கு வாங்கிச் சென்றிருக்கலாம். கீழக்கரையிலிருந்து வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சலில் போயிருக்கலாம். அப்படி யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

திறந்த பாட்டில், பாதி தீர்ந்த பாட்டில் எதுவானாலும் வாங்கிய கடையில் கொடுத்து முழு விலை 180 ரூபாயைப் பெற்றுக்கொள்ளலாம். பில் தேவையில்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அனுப்பிவைக்க வேண்டாம். மூடியின் படத்தை எங்களுக்கு அனுப்பிவிட்டு, ஊறுகாயைப் பிறர் கைக்குப் போகாதபடி அப்புறப்படுத்துங்கள், பணம் வந்து சேரும். எங்கள் எண் பாட்டிலின் பின்பக்க லேபிளில் உள்ளது. காலை 7 முதல் இரவு 9 வரை, ஞாயிற்றுக்கிழமை உட்பட, எங்கள் ஊழியரே எடுத்துப் பேசுவார்.

கடைக்காரர்கள் இந்தத் தொகுதியை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். எங்கள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்.

மற்ற தொகுதிச் சூரை ஊறுகாய்க்கும், எங்கள் இறால் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு ஆகியவற்றுக்கும் இந்த அறிவிப்பு பொருந்தாது. அவை அன்று வந்த மீனில் செய்தவை அல்ல.

உணவைத் திரும்பப் பெறுவதற்கான 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் தந்துவிட்டோம். எத்தனை பாட்டில்கள் திரும்பின என்ற கணக்கை நவம்பர் 21 அன்று மீண்டும் வெளியிடுவோம்.

நிர்வாகப் பங்குதாரர்
உப்பங்கரை கடலுணவுத் தயாரிப்பகம், மண்டபம்