அழகர் தங்கை கல்யாணத்துக்குத்தான் வருகிறார்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பற்றி நண்பர் எழுதிய கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். நான் எடுத்துப் போடுவது நாலு வரிதான்.

அவர் சொல்வது: “அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தரத்தான். தங்கை கல்யாணத்துக்கு வந்தார், பிந்திவிட்டது, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்பதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் கட்டியது. இந்தக் கதையைச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.”

முதல் வரி சரி. இன்னொன்றையும் அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். மீனாட்சி கல்யாணம் காலையில் முடிந்த பிறகுதான் அழகர் மலையை விட்டே கிளம்புகிறார். கல்யாணத்துக்கு மறுநாள் தேர், அதுவும் முடிந்த பிறகுதான் ஆற்றில் இறங்குகிறார். தங்கை கல்யாணத்துக்கு இப்படியா வருவார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

ஆனால் “விவரம் தெரியாதவர்கள்” என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் பெருமாள் நின்று பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கிறார். கல்யாணத்தன்று தாரை வார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். அண்ணன் என்ற உறவைக் கோயிலே சொல்லியாகிவிட்டது. சனங்கள் செய்தது, அந்த அண்ணனை அழகர் என்று எடுத்துக்கொண்டது மட்டும்தான். எடுத்துக்கொள்ளக் காரணமும் இருக்கிறது. மாசியில் நடந்த கல்யாணத்தையும், தேனூரில் நடந்த அழகர் விழாவையும் திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நண்பர் இதையும் கட்டுக்கதை என்கிறார். அப்படியென்றால் சித்திரைத் தேர் ஏன் இன்றைக்கும் மாசி வீதிகளில் ஓடுகிறது? சோழவந்தான் பக்கத்துத் தேனூரின் பெயர், இங்கே வண்டியூரில் அழகர் சாப விமோசனம் தரும் மண்டபத்துக்கு எப்படி வந்தது? இவை மட்டுமே சாட்சி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் தாண்டிப் போகவும் முடியாது.

இரண்டு கூட்டம் ஒரே ஊரில் வந்து சேர்ந்தால் உறவு கேட்கத்தான் செய்யும். “நீங்க யாரு வழி?” என்று கேட்காத கல்யாண வீடு மதுரையில் உண்டா? பெண் வீட்டுக்கு அண்ணன் வேண்டும், அழகர் வந்தார், முறை வைத்துவிட்டார்கள்.

எங்கள் அப்பத்தா செம்பு நிறையச் சர்க்கரையை அழுத்தி, வாயை வாழை இலையால் கட்டி, மேலே சூடம் ஏற்றிக்கொண்டு தல்லாகுளத்தில் நிற்கும். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடிக்கும். மண்டூக முனிவர் கதை அதற்கு நன்றாகவே தெரியும், எனக்குச் சொன்னதே அதுதான். ஆனால் பல்லக்கு கண்ணில் பட்டதும் சொல்வது வேறு: “வந்துட்டாருடா, பாவம், கல்யாணம் முடிஞ்சு போச்சே.”

இதை எப்படி நிறுத்தச் சொல்வது என்று நண்பர்தான் சொல்ல வேண்டும். தேனூர் மண்டபத்தைப் பற்றி அவர் எழுதினால் முதல் ஆளாகப் படிக்கிறேன்.