யாழினி தொட்டிக்குப் பேர்ப் பட்டியல்

யாழினிக் குட்டிக்கு,

ரெண்டடி மீன் தொட்டியில தண்ணி நிரப்பி மோட்டார் ஓடிட்டு இருக்குன்னு அம்மா சொன்னா. நீ கேட்ட பேரெல்லாம் எழுதியிருக்கேன். எல்லாமே நம்ம மதுரைப் பேருதான். மீனைப் பார்த்ததும் பேரு நாக்குல வரணும், அதுக்காகக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சிருக்கேன்.

கப்பி ஆறு: ராஜா ராணி

ஆண் ரெண்டு: திருமலை, செழியன்.
பெண் நாலு: மங்கம்மா, மங்கையர்க்கரசி, மீனா, தடாதகை.

வாலை விசிறியா விரிச்சுக்கிட்டு கலர் கலராத் திரியறது ஆண். நீல வால் திருமலை, மஞ்சப் புள்ளி வால் செழியன். பெண் கப்பி உடம்பு பெருசு, கலர் கம்மி. அதுலயும் வால் பக்கம் வயித்துல கருப்பா ஒரு திட்டு தெரியும் பாரு. இருக்கறதுலயே பெருசுக்கு மங்கம்மான்னு வை. மத்த மூணையும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துட்டு நீயே பிரிச்சுக்கோ. தடாதகை நம்ம மீனாட்சி அம்மனோட இன்னொரு பேரு, அதனால அதை மட்டும் சுருக்காம முழுசாக் கூப்பிடணும்.

மோலி, பிளாட்டி மூணு: ஜல்லிக்கட்டு மாடு

காரி: கருப்பு மோலி
மயிலை: வெள்ளி மோலி
செவலை: சிவப்பு பிளாட்டி

தாத்தா ஊர்ல மாட்டை நிறத்தை வச்சுத்தான் கூப்பிடுவாங்க. மோலியும் மாடு மாதிரியே கல்லுல இருக்கற பாசியைக் கொறிச்சு மேயும். எனக்கு இந்தப் பேருதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

சீப்ரா டேனியோ ஆறு: வீதிகள்

ஆடி, சித்திரை, ஆவணி, மாசி, வெளி, வைகை.

அஞ்சு வீதி கோயிலைச் சுத்தி, ஆறாவது நம்ம ஆறு. ஆறு மீனும் ஒரே மாதிரி கோடு போட்டிருக்கும், நிக்கவே நிக்காது. எது மாசி எது வெளின்னு யாராலும் சொல்ல முடியாது. மொத்தமா "வீதி"ன்னு கூப்பிட்டு எண்ணிப் பாரு. டேனியோ துள்ளி வெளிய விழுந்துடும், மூடி எப்பவும் மேல இருக்கணும்.

குட்டி: எல்லாம் மொட்டு

கப்பி, மோலி, பிளாட்டி மூணுமே முட்டை போடாது, நேரா குட்டிதான் போடும். பிறந்த உடனே பேரு வைக்காதே, பெரிய மீனே தின்னுடும். செடிக்குள்ள ஒளிஞ்சு பிழைச்சது அத்தனைக்கும் மொட்டுன்னு ஒரே பேரு. வளர்ந்து கலர் காட்டினதும் பூக்கடைப் பேரு: மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், மரிக்கொழுந்து.

கடைக்காரர் சிவப்பு ஃபைட்டரைக் காட்டினா இப்ப வேண்டாம்னு சொல்லிடு. கப்பியோட நீள வாலைக் கண்டா கடிச்சுக் குதறிடும். அடுத்த வருசம் தனியா ஒரு சின்னத் தொட்டி வாங்கலாம், அதுக்கு மதுரைவீரன்னு பேரு எடுத்து வச்சிருக்கேன்.

உன் மாமா