இரண்டு படைகளுக்கு நடுவே: பகவத்கீதை வாசிப்பும் கலந்துரையாடலும் (பன்னிரண்டாம் வகுப்பு)

இந்தப் பாடத்துக்கு இரண்டு பாடவேளைகள். முதல் வேளையில் கீழே உள்ள உரையாடலைச் சத்தமாக வாசிப்போம். சஞ்சயன், அர்ஜுனன், கண்ணன் என்று மூன்று பேர் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இரண்டாம் வேளைக்கு.

கீதையைத் தினமும் ஓதும் வீட்டிலிருந்து வருபவர்கள் இந்த வகுப்பில் இருப்பீர்கள். வேறு சமயத்தவர்களும், எந்தச் சமயத்தையும் ஏற்காதவர்களும் இருப்பீர்கள். யாரும் தன் நம்பிக்கையை இங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்தவர் நம்பிக்கையை எடைபோடவும் வேண்டாம். நூல் என்ன சொல்கிறது, அதை ஏற்கலாமா, ஏன் என்பதைப் பேசுவோம்.

தொடங்குமுன் ஒன்று. "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்று ஆரம்பிக்கும் 'கீதாசாரம்' படத்தைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிகள் கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் மொழிபெயர்ப்பு அல்ல. நடந்ததெல்லாம் நல்லது என்றால் அர்ஜுனன் கலங்க வேண்டியதே இல்லை, கீதையும் பிறந்திருக்காது. அதனால் அந்தப் படத்தை மறந்துவிட்டு வாசியுங்கள்.

களம்

மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் வரும் பதினெட்டு அத்தியாயங்கள்தான் கீதை. இடம் குருக்ஷேத்திரம், இன்றைய ஹரியானாவில். கௌரவர் பக்கம் பதினொரு அக்குரோணிப் படை, பாண்டவர் பக்கம் ஏழு. சூதாட்டம், பதின்மூன்று ஆண்டு வனவாசமும் மறைவாழ்வும், கண்ணனே தூது போய்த் தோற்றது எல்லாம் முடிந்துவிட்டன. கண்ணன் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற முடிவோடு அர்ஜுனனுக்குத் தேரோட்டுகிறான். இருவரும் உறவினர்: அர்ஜுனனின் தாய் குந்தி, கண்ணனுக்கு அத்தை.

இந்த உரையாடலை நாம் நேரடியாகக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கண் தெரியாத அரசன் திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் சொல்வதாக வருகிறது. அதுவும் பத்தாம் நாள் பீஷ்மர் வீழ்ந்த செய்தியைச் சொன்ன பிறகு, போரின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்கிறான். பீஷ்மரை எப்படி எதிர்ப்பேன் என்று அர்ஜுனன் தவிக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் அரசனுக்கு முடிவு ஏற்கெனவே தெரியும்.

வாசிப்பு

(முதல் மூன்று அத்தியாயங்களிலிருந்தும் கடைசி அத்தியாயத்திலிருந்தும் சுருக்கி எளிய தமிழில் தந்திருக்கிறோம். எண்கள் அத்தியாயத்தையும் சுலோகத்தையும் குறிக்கும்.)

அர்ஜுனன்: அச்சுதா, இரண்டு படைகளுக்கும் நடுவில் என் தேரை நிறுத்து. யாரோடு போரிடப் போகிறேன் என்று பார்க்க வேண்டும். (1.21–22)

சஞ்சயன்: கண்ணன் தேரைப் பீஷ்மருக்கும் துரோணருக்கும் எதிரே நிறுத்தி, "பார்த்தா, கூடி நிற்கும் குருகுலத்தாரைப் பார்" என்றான். அர்ஜுனன் பார்த்தான். தந்தைமார், பாட்டன்மார், ஆசிரியர்கள், மாமன்மார், சகோதரர்கள், பிள்ளைகள், பேரர்கள், தோழர்கள். இரண்டு பக்கத்திலும் அவர்களே. (1.24–27)

அர்ஜுனன்: கண்ணா, என் சொந்தங்கள் போருக்கு நிற்கிறார்கள். கைகால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. எனக்கு வெற்றி வேண்டாம், அரசு வேண்டாம். யாருக்காக அரசை விரும்பினோமோ, அவர்களே உயிரை விடத் துணிந்து எதிரே நிற்கிறார்கள். பேராசையால் அறிவிழந்த அவர்களுக்குக் குலத்தை அழிப்பதன் குற்றம் தெரியவில்லை. அது தெரிந்த நாம் ஏன் விலகக் கூடாது? ஆயுதம் இல்லாமல், எதிர்க்காமல் நிற்கும் என்னை அவர்கள் கொன்றாலும் எனக்கு அது மேல். (1.28–46)

கண்ணன்: இந்த இக்கட்டில் இப்படி ஒரு சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது? மனத்தின் அற்பத் தளர்ச்சியை உதறிவிட்டு எழு. (2.2–3)

அர்ஜுனன்: வணங்க வேண்டிய பீஷ்மரையும் துரோணரையும் அம்பால் எப்படி எதிர்ப்பேன்? பெரியவர்களைக் கொல்வதைவிடப் பிச்சை எடுத்து உண்ணலாம். நாம் வெல்வது நல்லதா, அவர்கள் வெல்வது நல்லதா, அதுவே தெரியவில்லை. எது அறம் என்று புரியாமல் கேட்கிறேன். நான் உன் சீடன். எனக்கு எது நல்லதோ, உறுதியாகச் சொல். (2.4–7)

சஞ்சயன்: "போரிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் மௌனமானான். இரண்டு படைகளுக்கும் நடுவே வருந்தி இருந்தவனிடம், சிரிப்பவன் போலக் கண்ணன் பேசினான். (2.9–10)

கண்ணன்: வருந்தத் தகாதவர்களுக்காக வருந்துகிறாய். பழைய துணியைக் களைந்து புதியதை உடுத்துவது போல, ஆன்மா பழைய உடலை விட்டுப் புதியதை அடைகிறது. அது கொல்வதும் இல்லை, கொல்லப்படுவதும் இல்லை. (2.11–22)

உன் சொந்த தர்மத்தைப் பார்த்தாலும் நீ தயங்கக் கூடாது. அறப்போரைவிடச் சிறந்தது க்ஷத்திரியனுக்கு இல்லை. விலகினால் உலகம் உன்னைப் பழிக்கும். இறந்தால் சொர்க்கம், வென்றால் பூமி. ஆகவே எழு. இன்பம் துன்பம், லாபம் நஷ்டம், வெற்றி தோல்வி எல்லாவற்றையும் சமமாகக் கொண்டு போரிடு. (2.31–38)

செயலில்தான் உனக்கு உரிமை; அதன் பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனைக் கருதிச் செயல்படுபவனாக இராதே. செயலற்று இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம். (2.47)

அர்ஜுனன்: செயலைவிட அறிவு மேலானது என்பது உன் கருத்தானால், இந்தக் கொடிய செயலில் என்னை ஏன் தள்ளுகிறாய்? குழப்புவது போலப் பேசுகிறாய். ஒன்றை நிச்சயமாகச் சொல். (3.1–2)

கண்ணன்: ஒரு கணம்கூட யாரும் எதுவும் செய்யாமல் இருக்க முடியாது. எனக்கு மூன்று உலகங்களிலும் ஆக வேண்டியது எதுவும் இல்லை; ஆனாலும் நான் செயல்படுகிறேன். அறியாதவர்கள் பற்றோடு செய்வதுபோல், அறிந்தவன் பற்றில்லாமல், உலகின் நன்மையை நாடிச் செய்ய வேண்டும். (3.5, 3.22, 3.25)

(உரையாடல் பல அத்தியாயங்கள் தொடர்கிறது. முடிவுக்கு வருவோம்.)

கண்ணன்: மறைபொருள்களில் எல்லாம் மறைவானதைச் சொல்லிவிட்டேன். முழுவதும் ஆராய்ந்து பார். பிறகு உன் விருப்பம் போலச் செய். (18.63)

அர்ஜுனன்: என் மயக்கம் போயிற்று, நினைவு திரும்பிற்று. ஐயம் தீர்ந்து நிற்கிறேன். நீ சொன்னபடி செய்வேன். (18.73)

கேள்விகளுக்கு முன் சில வார்த்தைகள்

அர்ஜுனனைக் கோழை என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அவன் அன்று வரை எத்தனையோ போர் செய்தவன். அவன் வாதத்தில் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. தவறு செய்பவர்களுக்குத் தவறு தெரியவில்லை, தெரிந்தவன் விலக வேண்டும் என்பது பலம். யுத்தத்தில் எல்லா உயிர்களும் சாகும் என்று அவன் அழவில்லை. "என் சொந்தங்கள்" சாவார்கள் என்றுதான் அழுகிறான் என்பது பலவீனம். முன்பின் தெரியாதவர்கள் எதிரே நின்றிருந்தால் காண்டீவம் நழுவியிருக்குமா? திருதராட்டிரன் கேட்கும் முதல் கேள்வியும் "என் மக்களும் பாண்டுவின் மக்களும் என்ன செய்தார்கள்?" என்பதுதான். நூல் தன்னவர், பிறர் என்ற பிரிவிலேயே தொடங்குகிறது.

2.47-ஐ நாம் "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று பாதியாகவே கேட்டிருக்கிறோம். வழக்கில் விட்டுப்போவது அதன் கடைசிப் பகுதி: சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே. எனக்கு அதுதான் அந்தச் சுலோகத்தின் உயிர் என்று படுகிறது. ஏனென்றால் அர்ஜுனன் ஆசைப்பட்டது அரசுக்கு அல்ல. கையில் இரத்தம் படாமல் ஒதுங்கி நிற்கும் நிம்மதிக்கு. அந்த நிம்மதியும் ஒரு பலன்தானே? கண்ணன் சொல்லும் பற்றின்மை அதையும் விடச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் பற்றின்மை என்பது அக்கறையின்மை அல்ல. "எனக்கென்ன" என்பவன் செயலை விட்டுவிடுகிறான். கீதை சொல்பவன் செயலை முழுக் கவனத்தோடு செய்கிறான், அதில் தனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் விடுகிறான்.

இது என் வாசிப்பு. வேறு வாசிப்புகள் நிறைய உண்டு. ஆதிசங்கரர் அறிவையும் துறவையும் முன்னிறுத்தினார், இராமானுஜர் பக்தியை. திலகர் மண்டலே சிறையில் எழுதி 1915-இல் வெளியிட்ட உரையில் செயலே கீதையின் மையம் என்றார். காந்திக்கு அந்தப் போர் மனித மனத்துக்குள் நடப்பது. அம்பேத்கரோ, கீதை நால்வருணத்துக்குத் தத்துவ நியாயம் தேடித் தருகிறது என்று கடுமையாக விமர்சித்தார். ஒரே நூலிலிருந்து இவ்வளவு தூரம் விலகிய முடிவுகளா என்று நீங்கள் கேட்டால் நல்லது. அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

கலந்துரையாடல்

1. அர்ஜுனன் போரை மறுக்கச் சொல்லும் காரணங்களைப் பட்டியலிடுங்கள். அவற்றில் எது இரக்கத்திலிருந்து வருகிறது, எது பயத்திலிருந்து, எது யோசனையிலிருந்து? பிரிக்க முடியாதவை உண்டா?

2. 2.31–37-இல் கண்ணன் பழி, சொர்க்கம், அரசு என்று பலன்களைக் காட்டியே பேசுகிறான். பத்துச் சுலோகம் தாண்டியதும் பலனில் உனக்கு உரிமை இல்லை என்கிறான். இது முரண்பாடா, அல்லது கேட்பவன் நிலைக்கு ஏற்பப் படிப்படியாக ஏற்றுகிறானா? இரு தரப்பாகப் பிரிந்து வாதிடுங்கள். சுலோக எண்ணைக் காட்டாத வாதம் செல்லாது.

3. ஆன்மா சாகாது என்ற வாதத்தை ஏற்காத ஒருவர், கீதையின் பற்றின்மையை மட்டும் ஏற்க முடியுமா?

4. உங்கள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. நோயாளி பிழைப்பாரா என்ற பதற்றத்தில் கை நடுங்கும் மருத்துவர் ஒருவர். முடிவைப் பற்றிய எண்ணமே இல்லாதவர் இன்னொருவர். இந்த இருவரையும் தவிர கீதை காட்டும் மூன்றாமவர் யார்? அவரை எப்படி அடையாளம் காண்பீர்கள்?

5. சுயதர்மம் என்பது க்ஷத்திரியனின் கடமை என்று நூல் பேசுகிறது. பிறப்பால் கடமை என்பதை நம் அரசமைப்பு ஏற்கவில்லை. அம்பேத்கரின் விமர்சனத்தை முன்வைத்துப் பேசுங்கள்: வருணத்தை நீக்கிவிட்டால் சுயதர்மம் என்ற கருத்தில் என்ன மிஞ்சும்? ஒருவர் தன் கடமை எது என்று எப்படிக் கண்டுகொள்வார்? (வகுப்பில் யாருடைய சாதியையும் இழுக்காமல் பேச வேண்டிய கேள்வி இது.)

6. "எனக்கு யார்மீதும் வெறுப்பில்லை, என் கடமையைத்தான் செய்தேன்" என்று ஒரு கொடுமையைச் செய்த அதிகாரி சொல்கிறார். 2.47 அவருக்குத் துணை போகுமா? 3.25-இல் வரும் 'உலகின் நன்மை' அவரைத் தடுக்குமா? கொஞ்சம் கஷ்டமான கேள்வி. அவசரப்படாமல் யோசியுங்கள்.

7. புறநானூற்றின் 134-ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆயை 'அறவிலை வணிகன்' அல்லன் என்கிறார். இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு ஆகும் என்று ஆய் கொடுக்கவில்லை. சான்றோர் சென்ற வழி என்பதால் கொடுத்தான். இதைக் கீதையின் பலன் கருதாச் செயலோடு ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன?

8. எழுத்துப் பணி (ஒரு பக்கம்): 18.63-இல் கண்ணன் முடிவை அர்ஜுனனிடமே விடுகிறான். அதன் பிறகும் அர்ஜுனன் "மாட்டேன்" என்று சொல்லியிருந்தால், என்ன காரணம் சொல்லியிருக்க முடியும்? முதல் அத்தியாயத்தில் சொன்ன காரணங்களையே திரும்பச் சொல்லக் கூடாது. கண்ணன் பேசியதையெல்லாம் கேட்டு முடித்த அர்ஜுனனாக எழுதுங்கள்.